462 கிராம் பெட்டிக்கு ஒரு கிலோ கட்டணம்

சத்துமாவு விற்கிறேன். ஈரோட்டிலிருந்து கொரியர் சேவைகளைத் திரட்டித் தரும் ஒரு தளம் வழியாகப் போகிறது சரக்கு. மாவு 400 கிராம், பவுச் 9 கிராம், மூன்று அடுக்கு அட்டைப்பெட்டி 42, உள்ளே நகராமல் இருக்கத் திணிக்கும் காகிதம் 6, டேப்பும் லேபிளும் சேர்ந்து 5. மொத்தம் 462 கிராம். அரைக்கிலோ கட்டணத்துக்குள் அடங்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து அமைத்த பேக்கிங் அது. அந்தப் பெட்டிகளில் ஒன்றுக்குத்தான் கொரியர்காரர்கள் ஒரு கிலோ கட்டணம் போட்டு, கூடுதல் அரைக்கிலோவுக்கு 45 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியுமாக ரூ.53.10-ஐ, தளத்தில் நான் முன்பணம் போட்டு வைத்திருக்கிற வாலட்டில் நிறுத்தி வைத்தார்கள். ஒரு பாக்கெட்டில் எனக்கு நிற்பதே அறுபது ரூபாய்க்குள்தான்.

நாம் சொன்ன எடைக்கும் கொரியர் பதிந்த எடைக்கும் வருகிற இந்த வித்தியாசம், ‘வெயிட் டிஸ்க்ரெபன்சி’, சின்ன அளவில் ஆன்லைனில் விற்கிற எல்லோருக்கும் பரிச்சயம். பலர் ‘போனால் போகுது’ என்று விட்டுவிடுகிறார்கள். சிலர் கோபத்தோடு தராசில் பெட்டியை வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பி, நிராகரிக்கப்பட்டு, அதோடு விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது வகைக்காகத்தான் இதை எழுதுகிறேன். தராசு போட்டோ சரியான ஆதாரம்தான். ஆனால் பெரும்பாலான நேரம் அது பாதி ஆதாரம்.

காரணம் கட்டணக் கணக்கில் இருக்கிறது. கொரியர் இரண்டு எடைகளைப் பார்க்கும். ஒன்று தராசு காட்டும் உண்மை எடை. இன்னொன்று பெட்டி வண்டியில் அடைத்துக்கொள்ளும் இடத்துக்கான எடை. வால்யூமெட்ரிக் வெயிட் என்பார்கள். சென்டிமீட்டரில் நீளம் × அகலம் × உயரம், அதை 5000 ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சில ஒப்பந்தங்களில் 5000-க்குப் பதில் 4500 அல்லது 4000 இருக்கும். உங்கள் ரேட் கார்டில் அதை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வகுக்கும் எண் குறையக் குறையப் பெட்டி கனமாகிக்கொண்டே போகும். இந்த இரண்டு எடைகளில் எது பெரிதோ அதற்குத்தான் கட்டணம், அதுவும் அடுத்த அரைக்கிலோவுக்கு ஏற்றி.

என் பெட்டி 18 × 12 × 8. பெருக்கினால் 1728, வகுத்தால் 0.346 கிலோ. உண்மை எடை 0.462. இரண்டுமே அரைக்கிலோவுக்குள்.

கொரியர் பதிவு செய்திருந்தது: எடை 0.925 கிலோ, அளவு 24 × 18 × 8. அவர்களுடைய அளவைப் பெருக்கிப் பாருங்கள். 3456. அதாவது 0.69 கிலோ. ஆக, அவர்கள் எடையை எடுத்தாலும் ஒரு கிலோ, அளவை எடுத்தாலும் ஒரு கிலோ. நான் தராசு போட்டோவை மட்டும் அனுப்பியிருந்தால் 0.925 தள்ளுபடியாகியிருக்கும், 0.69 அப்படியே நின்றிருக்கும், கட்டணத்தில் ஒரு பைசா மாறியிருக்காது. பரிசீலிக்கிறவர் ‘எடை சரி, ஆனால் வால்யூமெட்ரிக்படி சார்ஜ் செல்லும்’ என்று ஒரு வரியில் மூடிவிடுவார். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அதனால் ஆட்சேபம் தெரிவிக்கிற டிஸ்ப்யூட் பட்டனைத் தொடுவதற்கு முன், அவர்கள் சொல்கிற நான்கு எண்களையும் ஒரு தாளில் நம்முடைய நான்கு எண்களுக்குப் பக்கத்தில் எழுதிவிடுவது என் வழக்கம். எழுதிப் பார்க்கும்போதே பல சமயம் விஷயம் வெளியே வந்துவிடும். இங்கே உயரம் 8 மாறவில்லை. 18 மாறவில்லை. 12 மட்டும் 24 ஆகியிருக்கிறது. எடையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெட்டி உப்பியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் கச்சிதமாக இரட்டிப்பாகாது. ஈரம் ஏறியிருந்தால் 463 கிராம் கூடாது. ஒன்றைப் போலவே இருக்கிற இன்னொரு பெட்டி பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது, அவ்வளவுதான்.

எப்படி நடக்கும் என்றால், பிக்கப் எடுக்கும்போது யாரும் எடை போடுவதில்லை. எங்கள் ஏரியாவுக்கு வருகிற தம்பியிடம் கேட்டதற்கு, “நாங்க ஸ்கேன் பண்ணி மூட்டையில போடறதோட சரிங்க்கா, எடையெல்லாம் ஹப்புல மெசின் போட்டுக்கும்” என்றார். பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற பெரிய ஹப்புகளில் பெல்ட் ஓடும். அதன் நடுவே ஒரு தராசு, மேலே கேமரா, பார்கோடு ஸ்கேனர். பெட்டி நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும்போது எடை, மூன்று அளவுகள், லேபிள், படம் எல்லாம் ஒரே நேரத்தில் பதிவாகிவிடும். பெட்டிக்கும் பெட்டிக்கும் இடைவெளி இருந்தால்தான் மெசினுக்கு அது தனித்தனி என்று தெரியும். ஒரே வீட்டிலிருந்து ஒரே மூட்டையில் வந்த ஒரே அளவுப் பெட்டிகள் கொட்டப்படும்போது ஒட்டிக்கொண்டு விழ வாய்ப்பு அதிகம். மெசின் பொய் சொல்வதில்லை. இரண்டு பெட்டியை ஒன்றாகப் பார்த்துவிட்டு உண்மையைத்தான் சொல்கிறது.

அந்தப் படம் பெரும்பாலான தளங்களில் நமக்கும் கிடைக்கும். டிஸ்க்ரெபன்சி வரியிலேயே ‘கொரியர் இமேஜ்’ என்று ஒரு இணைப்பு இருக்கும், இல்லையென்றால் டிக்கெட் போட்டுக் கேட்கலாம். கேட்காமல் வாதாடாதீர்கள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது நடுவில் மெல்லிய ஒரு கோடு, இந்தப் பக்கம் ஒரு லேபிள், அந்தப் பக்கம் பாதி தெரிகிற இன்னொரு லேபிள். இரண்டாவது லேபிளின் டிராக்கிங் எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் வாசிக்கும்படி இருந்தன. அன்று நான் அனுப்பிய இன்னொரு ஆர்டரின் எண் அது. இந்த ஒரு படம் என்னுடைய பத்துப் படங்களுக்குச் சமம். ஆனால் எல்லாருக்கும் இப்படி வாய்க்காது. பாதிப் படங்களில் பெல்ட் மட்டும்தான் தெரியும், இல்லையென்றால் படமே வேறு யாருடைய பார்சலாகவோ இருக்கும். லேபிளில் இருக்கிற எண் நம்முடையதுதானா என்று முதலில் சரிபார்ப்பது நல்லது.

இனி நம் பக்கத்து ஆதாரம். டிஸ்க்ரெபன்சி வருவது பார்சல் கைமாறிப் பல நாள் கழித்து. சில நேரம் வாடிக்கையாளர் மாவைக் காய்ச்சிக் குடித்து, அட்டையைக் குப்பையில் போட்ட பிறகு. அன்றைக்கு எடுக்க நம்மிடம் எதுவும் இருக்காது. அதே மாதிரி இன்னொரு பெட்டி கட்டிப் போட்டோ எடுத்து அனுப்பினால், ‘இதில் அந்த லேபிள் இல்லையே’ என்று திருப்பி அனுப்புவார்கள். அவர்கள் கேட்பது ஞாயமான கேள்விதான். எனவே படம் பிக்கப்புக்கு முன்பே, லேபிள் ஒட்டி, டேப் சுற்றி, இனிமேல் பிரிக்கமாட்டோம் என்ற நிலையில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். லேபிள் ஒட்டும் முன் எடுத்த எடைக்கு மதிப்பில்லை.

நான் எடுப்பது ஒரே ஓட்டத்தில் ஒரு சின்ன வீடியோ. காலித் தராசு பூஜ்யம் காட்டுவது முதலில் வர வேண்டும். பாத்திரம் வைத்து, பூஜ்யமாக்கும் ‘டேர்’ பட்டனை அமுக்கி, பாத்திரத்தை எடுத்துவிட்டுப் பெட்டியின் எடையைக் குறைத்துக் காட்டும் வேலை எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால், பூஜ்யத்தைக் காட்டாத படத்தை அவர்கள் சந்தேகிப்பார்கள். பிறகு பெட்டியை லேபிள் மேலே தெரியும்படி வைக்கிறேன். எண் நின்றதும், டிஸ்ப்ளேயும் டிராக்கிங் எண்ணும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி ஒரு நொடி நிறுத்துகிறேன். சின்னத் தராசுகளில் பெட்டி டிஸ்ப்ளேயை மறைத்துவிடும். அடியில் ஒரு தட்டையான பலகை வைத்துப் பெட்டியை உயர்த்தலாம், அப்போது பலகையோடு பூஜ்யமாக்கியதையும் வீடியோவில் காட்டிவிட வேண்டும்.

அளவுக்குத்தான் பொறுமை தேவை. தையல் டேப் வேண்டாம், இழுபடும், வளையும். முப்பது சென்டிமீட்டர் ஸ்டீல் அடிக்கோல் போதும். பெட்டியைச் சுவர் மூலையில் இரண்டு பக்கமும் முட்டும்படி தள்ளி வைத்து, அடிக்கோலின் பூஜ்ய முனையையும் சுவரில் முட்ட வைத்தால் தொடக்கம் எங்கே என்ற கேள்வி எழாது. போனை நேர் மேலே பிடிக்க வேண்டும். சாய்வாக எடுத்தால் 12 என்பது 12.8 ஆகத் தெரியும். பார்க்கிறவர் அதை 13 என்று எழுதுவார். நீளமும் அகலமும் மேலிருந்து எடுக்கும்போது லேபிள் தானாகப் படத்தில் வந்துவிடும். உயரத்துக்குத்தான் தகராறு, பக்கவாட்டில் எடுத்தால் லேபிள் தெரியாது. அதனால் லேபிளின் ஒரு ஓரம் பெட்டியின் விளிம்பில் மடிந்து இறங்கும்படி ஒட்டுகிறேன், எண் அச்சான பகுதி பக்கவாட்டிலும் கொஞ்சம் தெரியும். பார்கோடு மட்டும் மடிப்பில் விழக் கூடாது, ஸ்கேனர் படிக்காது.

இதில் மறக்கிற விஷயம் ஒன்று உண்டு. கொரியர் அளப்பது அட்டையில் அச்சிட்ட அளவை அல்ல, பெட்டி துருத்திக்கொண்டிருக்கிற இடத்தை. மேல்மூடி உப்பியிருந்தால் உப்பல் வரைக்கும் உயரம். எனவே நீங்களும் உப்பிய இடத்தில்தான் அளக்க வேண்டும். என் பெட்டி ஒரு சென்டிமீட்டர் உப்பினாலும் 18 × 12 × 9 தான், 0.39 கிலோ, பாதகமில்லை. ஆனால் அரைக்கிலோ எல்லையை ஒட்டி நிற்பவர்களுக்கு அந்த ஒரு சென்டிமீட்டர்தான் எல்லாமே.

வீடியோவிலிருந்து நான்கு ஸ்கிரீன்ஷாட், கோப்பின் பெயர் டிராக்கிங் எண். தினமும் பதினைந்து பார்சல் போடுகிறவர் இதையெல்லாம் செய்ய முடியுமா என்றால், பழகிவிட்டால் ஒரு பெட்டிக்கு அரை நிமிடம்தான். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிச் சேமிக்காதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த தேதி நேரம் கோப்பிலிருந்து போய்விடும். மூலக் கோப்பு போனிலோ டிரைவிலோ அப்படியே இருக்கட்டும்.

தராசைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நெட்டில் முன்னூறு ரூபாய்க்கு வாங்கிய கிச்சன் தராசின் படத்தை வைத்துக்கொண்டு வாதம் செய்யும்போது எதிராளி கேட்கக் கூடிய முதல் கேள்வி, அந்தத் தராசு சரிதானா என்பது. எடை போட்டு விற்கிறவர்களுக்கு 2009-ஆம் ஆண்டின் சட்ட முறை எடையளவுச் சட்டப்படி முத்திரையிட்ட தராசு எப்படியும் வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வர் அதைச் செய்கிறார். அந்தச் சான்றிதழைப் படத்தோடு இணைத்துவிட்டால் அந்தக் கேள்வி எழுவதற்கு முன்பே அடங்கிவிடும். தராசின் முகப்பில் ‘e’ என்று ஓர் அளவு போட்டிருக்கும், எத்தனை கிராம் படிகளில் அது எடை காட்டும் என்பது அதில் தெரியும்; என்னுடையது 10 கிலோ தாங்குவது, e = 1 கிராம். 30 கிலோ தராசுகளில் பெரும்பாலும் 5 கிராம். அப்படிப்பட்ட தராசு 495 காட்டினால் உண்மை 497 ஆகவும் இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் பக்கத்து மளிகைக் கடையில் முத்திரை குத்திய அரைக்கிலோ படிக்கல்லை வாங்கி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எல்லை என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் பலர் ஞாயமாகத் தோற்கிறார்கள். 496 கிராமுக்குப் பேக்கிங் முடித்துவிட்டு, பிறகு மழைக்கு ஒரு சுற்றுப் பாலிதீனும் கூடுதல் டேப்பும் போட்டால் 503 ஆகிவிடும். 503-க்கு ஒரு கிலோதான் கட்டணம். இதற்கு டிஸ்ப்யூட் போட்டுப் பிரயோஜனமில்லை. என் அளவில் முப்பது கிராமாவது இடைவெளி விட்டுத்தான் பேக்கிங் அமைப்பேன். 430 கிராம் மாவு போடலாமே என்று ஒருவர் கேட்டார். போடலாம், 492 கிராம் வரும், அப்புறம் மார்கழிப் பனியில் அட்டை ஈரம் உறிஞ்சும்போது யார் பதில் சொல்வது?

துணி விற்பவர்களுக்கு வேறு கதை. சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை விற்கிற தோழி ஒருத்தி, ‘என் பார்சல் 410 கிராம்தான், ஒன்றரைக் கிலோ போட்டிருக்காங்க, அநியாயம்டி’ என்று அழைத்தாள். கொரியர் எழுதியிருந்தது 38 × 28 × 5. கணக்குப் போட்டால் 1.06 கிலோ, ஒன்றரைக்கு ஏறுகிறது. படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். பெரிய கொரியர் கவரில் சேலை ஒரு மூலையில் சுருண்டு கிடக்கிறது, மிச்சக் கவர் காற்றோடு விரிந்து நிற்கிறது. கேமரா கவரின் முனையிலிருந்து முனை வரைக்கும் அளந்திருக்கிறது. தவறு சொல்ல அதில் ஒன்றுமில்லை. அந்தச் சேலையையே தட்டையாக மடித்து, காற்றை அமுக்கி வெளியேற்றி, மிச்சக் கவரைப் பின்னால் மடக்கி டேப் ஒட்டினால் 30 × 24 × 3, அதாவது 0.43 கிலோ. அவளிடம் டிஸ்ப்யூட் போடாதே என்றுதான் சொன்னேன். தோற்கிற டிஸ்ப்யூட்டுகளை அடுக்கிக்கொண்டே போனால் ஜெயிக்க வேண்டியதையும் யாரும் ஒழுங்காகப் படிக்கமாட்டார்கள்.

டிஸ்ப்யூட் பக்கத்துக்கு வருவோம். அவகாசம் பெரும்பாலும் ஒரு வாரம் போல இருக்கும், தளத்துக்குத் தளம் மாறும். அதற்குள் எதுவும் செய்யாவிட்டால் நாம் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு நிறுத்தி வைத்த பணத்தைக் கழித்துவிடுவார்கள். மெயிலை நம்ப வேண்டாம், ஆஃபர் மெயில்களுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். வாரத்தில் இரண்டு முறை அந்தப் பக்கத்தையே திறந்து பார்ப்பது நல்லது. இன்னொன்று, ஆர்டர் போடும்போது அளவுக் கட்டங்களில் 10 × 10 × 10 என்று தானாக விழுந்திருக்கும். அதை மாற்றாமல் அனுப்பியவர்கள் பிறகு 18 × 12 × 8 என்று வாதாடினால், ‘நீங்களே முதலில் வேறு அளவு சொன்னீர்களே’ என்ற பதில்தான் வரும். ஒப்பீடு தொடங்குவதே நாம் பதிந்த அளவிலிருந்துதான்.

குறிப்புப் பெட்டியில் நான் எழுதியது மூன்று வரி. அறிவித்த எடை 0.462, அளவு 18 × 12 × 8, வால்யூமெட்ரிக் 0.346, ஆக அரைக்கிலோ. உங்கள் பதிவில் 12 மட்டும் 24 ஆகவும் எடை இரட்டிப்பாகவும் உள்ளது. உங்கள் படத்திலேயே இரண்டாவது லேபிள் தெரிகிறது, அந்த டிராக்கிங் எண் இன்னது. அவ்வளவுதான். ‘பல வருட வாடிக்கையாளர்’, ‘சிறு தொழில்’, ‘மனிதாபிமானம்’ எதுவும் சேர்க்கவில்லை. படிக்கிறவர் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பார்க்கிறவர். அவர் எங்கே பார்க்க வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டிவிட்டால் போதும்.

முதல் பதில் என்ன தெரியுமா? ‘ஆதாரம் போதுமானதாக இல்லை, சார்ஜ் செல்லும்.’ யாரோ படத்தைத் திறக்காமலே மூடியிருக்கிறார்கள். மறுபடி திறக்க ஒரு வாய்ப்பு இருந்தது. கொரியரின் படத்தை வெட்டி, இரண்டாவது லேபிளைச் சிவப்பு வட்டம் போட்டு, அதை முதல் இணைப்பாக வைத்தேன். என் தராசுப் படம் இரண்டாவதாகப் போனது. அதோடு கணக்கைக் கவனிக்கிற மேலாளருக்கும் ஒரு மெயில் அனுப்பினேன். “மேடம், இது மெசின்ல வந்த ரீடிங்” என்று போனில் ஆரம்பித்தவர், படத்தைப் பார்த்ததும் “ஓ, ரெண்டு பாக்ஸ்” என்றார். அதற்கப்புறம் வாதமே இல்லை.

இதே பெட்டிக்குத் திரும்பத் திரும்ப இப்படி நடக்காமல் இருக்க ‘வெயிட் ஃப்ரீஸ்’ என்று ஒன்று இருக்கிறது. ஒரு பொருளின் குறியீட்டுக்கு எடையும் அளவும் படங்களோடு ஒருமுறை கொடுத்து ஒப்புதல் வாங்கிவிட்டால், அந்தப் பொருளுக்கு ஹப் மெசின் என்ன சொன்னாலும் அந்த எடையே கட்டணத்துக்கு எடுக்கப்படும். விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே பெட்டியில் போகிறவர்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது இது. ஆனால் அது ஒரு ஆர்டருக்கு ஒரு பாக்கெட் என்றால்தான் வேலை செய்யும். அதே வாடிக்கையாளர் சத்துமாவோடு ராகி மாவும் சேர்த்து ஆர்டர் போட்டால் பூட்டு திறந்துகொள்ளும், பழையபடி மெசின்தான். அட்டைப்பெட்டி சப்ளையர் மாறி அளவு அரை சென்டிமீட்டர் மாறினாலும் புதிதாக வாங்கிக்கொள்வது நல்லது. பழைய ஃப்ரீஸை வைத்துக்கொண்டு பெரிய பெட்டி அனுப்புகிறார்கள் என்று அவர்கள் கண்டுபிடித்தால் மொத்த ஃப்ரீஸையும் ரத்து செய்துவிடுவார்கள்.

பணம் திரும்பி வந்ததா என்றால், வந்தது, ரூ.45 மட்டும். ஜிஎஸ்டி 8.10 அடுத்த பில்லில் கிரெடிட் நோட்டாக வரும் என்றார்கள், கேட்ட பிறகு வந்தது. இன்னொன்றும் கவனிக்க வேண்டியிருந்தது. அந்தப் பார்சல் கேஷ் ஆன் டெலிவரி; வாங்க ஆளில்லாமல் திரும்பியது. திரும்பி வரும் வழிக்கும் அதே ஒரு கிலோ கணக்கில் இன்னொரு ரூ.53.10 போட்டிருந்தார்கள், தனி வரியாக, தனி தேதியில். போகும் வழி டிஸ்ப்யூட்டை ஜெயித்ததால் அது தானாகச் சரியாகவில்லை. அதே டிக்கெட் எண்ணைக் குறிப்பிட்டுத் தனியாக எழுதிய பிறகுதான் அந்த வரியையும் அரைக்கிலோவுக்கு மாற்றினார்கள்.